மேக் பேக்கப் சரிபார்ப்பில் தோற்றால்: பழையதை இழக்காமல் புதிதாகத் தொடங்குவது

வெளி டிரைவுக்கு டைம் மெஷின் எடுக்கும் பேக்கப் ஒருநாள் சரிபார்ப்பில் தோற்றுவிடும். உடனே பலரும் டிரைவை அழித்துவிட்டு, அப்புறம்தான் கேள்வி கேட்க வருகிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். அழிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஏழாவது கேள்வி வரையாவது படித்துவிடுங்கள்.

1. வெரிஃபிகேஷன் தோல்வின்னு வருது, என் ஃபைலெல்லாம் போச்சா?

போகவில்லை. அசல் ஃபைல்கள் மேக்கின் உள் டிரைவில் இருந்தபடியே இருக்கின்றன, அடி வாங்கியது அவற்றின் நகல் மட்டும்தான். அந்த நகலிலும் பெரும்பகுதி இன்னும் படிக்கக்கூடியதாகவே இருக்கலாம்.

ஆனால் இந்த நிமிஷத்தில் நீங்கள் நம்பக்கூடிய பிரதி ஒன்றே ஒன்றுதான், மேக்கில் இருப்பது. அதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பழுதான பேக்கப்பைத்தான் நாட வேண்டியிருக்கும். கீழே எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று நான் விடாமல் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

2. சரிபார்ப்புன்னா அது எதைப் பார்க்குது? ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்க்குதா?

இல்லை. அது பார்ப்பது டிரைவின் கணக்குப் புத்தகத்தை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம், எந்தத் தேதி பேக்கப்புக்கு எவையெல்லாம் சேரும் என்ற பதிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கும். டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஆப்பிளின் முறையான ஏபிஎஃப்எஸ், இந்தப் பதிவுகளுக்குத்தான் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது, உங்கள் ஃபோட்டோவின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. அதனால் "எல்லாம் சரி" என்று வந்தாலும் உள்ளே ஒரு படம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 12-வது கேள்வியில் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். 2020-ல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் முதல், புதிதாகத் தொடங்கும் பேக்கப் ஏபிஎஃப்எஸ் வால்யூமில் ஸ்னாப்ஷாட்களாக, அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளாக, சேமிக்கப்படுகிறது. மாறாத ஃபைல் ஒரே ஒரு முறைதான் டிரைவில் எழுதப்பட்டிருக்கும், எல்லாத் தேதிகளும் அதையே பகிர்ந்துகொள்ளும். இடம் மிச்சம்தான். ஆனால் பகிர்ந்த துண்டு ஒன்று கெட்டால் அதைத் தொடும் எல்லாத் தேதிகளும் சேர்ந்தே கெடும். "பழுதான தேதியை மட்டும் நீக்கிவிடலாமே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில், பெரும்பாலும் அது உதவாது.

3. டிஸ்க் யுடிலிட்டியில் ஏதேதோ எண் வருது. எது நிஜப் பழுது, எது சும்மா?

`-69673` என்ற எண்ணும் வால்யூமை அன்மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரியும் வந்தால், அதை வைத்து டிரைவ் கெட்டுவிட்டதாக முடிவுகட்டாதீர்கள். டைம் மெஷினோ ஸ்பாட்லைட்டோ அந்த நேரத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சோதனை தொடங்கவே இல்லை, அவ்வளவுதான். ஆளைப் பதறவைக்கும் மெசேஜ்களில் இது முக்கியமானது. தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டு, மேக்கை ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டுங்கள். டெர்மினலில் நிறுத்துவதென்றால், டெர்மினலுக்கு Full Disk Access அனுமதி கொடுத்துவிட்டு:

```
sudo tmutil disable
```

`was found to be corrupt and needs to be repaired` என்ற வரி வந்தால் அது நிஜப் பழுது. `could not be verified completely` என்று வந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கிறது. முன்னே போக முடியாத அளவுக்குப் பதிவுகள் குழம்பியிருக்கலாம், அல்லது டிரைவின் அந்தப் பகுதியைப் படிக்கவே முடியாமல் போயிருக்கலாம். `-69845` என்பது சரிபார்ப்போ பழுதுபார்ப்போ தோற்றது என்ற பொதுவான அறிவிப்பு. அந்த எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, Show Details-ஐத் திறந்து அதற்கு மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும்.

4. டிரைவ் கெட்டுப்போச்சா இல்ல கேபிளா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் ஹப்பைக் கழற்றிவிட்டு, வேறு கேபிளில், மேக்கின் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். தனியாக மின்சாரம் இல்லாத சிறிய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஹப் வழியாகப் போதுமான மின்சாரம் போகாமல், எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் ஒரு நொடி அணைந்து மறுபடி வரும். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் எப்படியோ, இதுவும் அப்படித்தான். பதிவுகள் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோகும்.

அப்புறம் லாக்கைப் பாருங்கள்:

```
log show --last 1d --predicate 'eventMessage CONTAINS "I/O error"'
```

இது ஓடி முடியக் கொஞ்ச நேரம் எடுக்கும். `disk4s2: I/O error` போன்ற வரிகள் உங்கள் வெளி டிரைவின் பெயரில் வரிசையாக வந்தால், கேபிள் மாற்றிய பிறகும் வந்துகொண்டே இருந்தால், டிரைவுதான் சாகிறது. எது எந்த டிரைவ் என்று தெரிந்துகொள்ள `diskutil list external`. மறு இணைப்பில் எண் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். டிரைவ் தன் நலத்தைத் தானே கண்காணித்துச் சொல்வதுதான் ஸ்மார்ட் நிலை, யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிரைவில் அதைப் பெரும்பாலும் மேக்கால் படிக்க முடியாது. அதனால் டிஸ்க் யுடிலிட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. ஃபர்ஸ்ட் எய்ட் எதன் மேல ஓட்டணும்? லிஸ்ட்ல மூணு பேர் இருக்கே.

ஃபர்ஸ்ட் எய்ட் என்பது டிஸ்க் யுடிலிட்டியில் டிரைவைச் சோதித்துப் பழுதுபார்க்கும் பகுதி. அங்கே View மெனு, அதில் Show All Devices. இப்போது ஒரே டிரைவுக்குக் கீழ் டிவைஸ், அதனுள் கண்டெய்னர், அதனுள் வால்யூம் என்று படிப்படியாகத் தெரியும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் வால்யூம், பிறகு கண்டெய்னர், கடைசியில் டிவைஸ்.

பல மாத பேக்கப் உள்ள டிரைவில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாகச் சோதிப்பதால் மணிக்கணக்கில் ஓடும். நகராமல் நின்றுவிட்டது போலவே இருக்கும். டிரைவ் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், நடுவில் பிடுங்கினால் இருப்பதும் கெடும்.

6. ஃபர்ஸ்ட் எய்ட் ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொல்லுது. அப்படியே தொடரலாமா?

மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் சுத்தமாக வந்து, 4-வது பதிலில் சொன்ன லாக்கும் சுத்தமாக இருந்து, எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியது மாதிரி தெளிவான காரணமும் இருந்தால் தொடரலாம். இரண்டாவது ஓட்டத்தில் புதிதாக வேறு பிழை வந்தால் அந்த பேக்கப்பை எழுதுவதற்கு இனிமேல் பயன்படுத்தாதீர்கள். பழுதுபார்க்கிறேன் என்று திரும்பத் திரும்ப ஓட்டுவது, சாகும் டிரைவை இன்னும் வேகமாகச் சாகடிக்கும். மூன்றாம் முறை ஓட்டுவதை விட அந்த நேரத்தில் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுப்பது மேல்.

7. சரி, புதுசாவே தொடங்கறேன். டிரைவை அழிச்சிடட்டுமா?

இன்னும் வேண்டாம். அழிப்பது கடைசி வேலை. புதிய பேக்கப் வேறொரு டிரைவில் முழுதாக முடிந்து, சோதித்தும் பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மேக்கில் 1 டிபி, அதில் 600 ஜிபி நிரம்பியிருக்கிறது. 2 டிபி வெளி டிரைவில் இரண்டு வருட பேக்கப், `corrupt` என்று வந்துவிட்டது. முதல் வேலை, மேக்கின் உள் டிரைவையே சோதிப்பது. அதைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. அசலிலும் நோய் இருந்தால் புதிய பேக்கப் அந்த நோயையும் சேர்த்தே நகலெடுக்கும். இதை மேக்கின் மீட்பு நிலையான ரெக்கவரியில் செய்வது நல்லது. ஆப்பிள் சிலிக்கான் மேக் என்றால் அணைத்துவிட்டு பவர் பட்டனைத் தொடக்க விருப்பங்கள் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள், இன்டெல் என்றால் தொடங்கும்போது கமாண்ட்-ஆர்.

அது சுத்தமாக வந்தால், இன்னொரு டிரைவை (மேக்கின் கொள்ளளவைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பதால் இங்கே 2 டிபி) டைம் மெஷினில் புதிய இலக்காகச் சேர்த்து, பழையதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியலிலிருந்து எடுப்பதால் பழைய டிரைவில் உள்ள பேக்கப் அழியாது, மேக் அதில் எழுதுவதை நிறுத்தும், அவ்வளவே. பலர் இந்த இடத்தில்தான் பயந்து நிற்கிறார்கள், தேவையில்லை. இரண்டையும் பட்டியலில் விட்டுவைத்தால் டைம் மெஷின் மாற்றி மாற்றி எழுதும், பழுதானதிலும் போய் எழுதும். அதனால் எடுத்துவிடுவதே சரி. பிறகு பழையதை எஜெக்ட் செய்து ஓரமாக வையுங்கள்.

8. கையில இருக்கறதே ஒரே டிரைவ்தான். இப்ப என்ன பண்றது?

அழித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன், போனால் திரும்பக் கிடைக்காதவற்றுக்கு மட்டும் தற்காலிகப் பிரதி எடுங்கள். ஃபோட்டோ லைப்ரரி, டாக்குமெண்ட்ஸ், வேலை ஃபைல்கள், இவ்வளவுதான். ஆப்களும் சிஸ்டமும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 600 ஜிபியில் உண்மையிலேயே ஈடு செய்ய முடியாதது அதில் ஒரு பங்குதான் இருக்கும், அதற்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி போதும். வேறொரு கணினியில் இடம் இருந்தாலும் சரி.

ஃபோட்டோஸில் Optimize Mac Storage போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் படங்களில் பல ஐகிளவுட்டில் மட்டும் இருக்கும், மேக்கில் இருப்பவை சிறிய பிரதிகள். மேக்கில் இல்லாததை டைம் மெஷினாலும் எடுக்க முடியாது. பேக்கப்பில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கை தொடக்கம் முதலே தப்பு.

4-வது பதிலில் சொன்ன `I/O error` வரிகள் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அந்த டிரைவை அழித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். அழித்தால் பதிவுகள்தான் புதிதாகும், தேய்ந்த தட்டு தேய்ந்ததுதான்.

9. போன வருஷம் மேக்ல இருந்து அழிச்ச ஃபைல் பழைய பேக்கப்பில மட்டும்தான் இருக்கு. பழைய பேக்கப்பையே புது டிரைவுக்கு காப்பி பண்ண முடியாதா?

ஏபிஎஃப்எஸ் பேக்கப்பை வரலாற்றோடு அப்படியே ஃபைண்டரில் இழுத்து வேறு டிரைவுக்கு மாற்ற முடியாது. அது ஸ்னாப்ஷாட்களின் தொகுப்பு என்பதால் சாதாரண ஃபோல்டர் போல நகராது. முடிந்தாலும் பழுதையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

ஆனால் வேண்டிய ஃபைல்களை மட்டும் எடுக்கலாம். பழைய டிரைவை ஃபைண்டரில் திறந்தால் தேதி தேதியாக ஃபோல்டர்கள் தெரியும். உங்களுக்கு வேண்டிய தேதியைத் திறந்து, அந்த ஃபோல்டரை மேக்கிலோ இன்னொரு டிரைவிலோ இழுத்துப் போடுங்கள். ஒரு தேதியில் காப்பி பாதியில் நின்றால் அதற்கு முந்தைய தேதியில் முயன்று பாருங்கள், சில சமயம் ஃபைலின் வேறு பதிப்பு வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். சிறிய தொகுதிகளாக எடுங்கள், மொத்தமாக இழுத்தால் ஒரு கெட்ட ஃபைல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

10. அழிக்கும்போது தப்பான டிரைவை அழிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். அழிக்க வேண்டிய டிரைவைத் தவிர மற்ற எல்லா வெளி டிரைவுகளையும் கழற்றிவிடுங்கள். அப்போது டிஸ்க் யுடிலிட்டியில் External என்ற தலைப்பின் கீழ் ஒன்றுதான் நிற்கும், அதன் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். Show All Devices போட்ட நிலையில் மேல் வரியில் இருக்கும் டிவைஸைத் தேர்ந்தெடுத்து Erase. ஃபார்மட் ஏபிஎஃப்எஸ், ஸ்கீம் `GUID Partition Map`. வால்யூமை மட்டும் அழித்தால் ஸ்கீம் கேட்காது, கடையிலிருந்து வந்த பழைய பார்ட்டிஷன் அமைப்பு அப்படியே தங்கிவிடும்.

என்கிரிப்ஷன் வேண்டும் என்றால் இங்கே போட வேண்டாம், டைம் மெஷினில் டிரைவைச் சேர்க்கும்போது கேட்கும், அங்கே போடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது.

11. முதல் பேக்கப் ராத்திரி முழுக்க ஓடியும் முடியல. மாட்டிக்கிச்சா?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டால், நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு 600 ஜிபி எழுத 6000 நொடி, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிஜத்தில் அப்படி நடக்காது. லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் எழுதும் தலை இங்கும் அங்கும் ஓட வேண்டும். போதாததற்கு டைம் மெஷின் உங்கள் வேலையைத் தொந்தரவு செய்யாமலிருக்கத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. சுழலும் டிஸ்க்கில் ஏபிஎஃப்எஸ் இன்னும் கொஞ்சம் மந்தம். ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆச்சரியமில்லை.

உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்க்க `tmutil status` கொடுத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கொடுங்கள். `bytes` எண் கூடியிருந்தால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவசரம் என்றால் அந்த மெதுவாக்கலைத் தற்காலிகமாக எடுத்துவிடலாம்:

```
sudo sysctl debug.lowpri_throttle_enabled=0
```

ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்குப் போய்விடும். லேப்டாப்பை சார்ஜரில் வையுங்கள், மூடிவிடாதீர்கள். இடையில் நின்றுபோனாலும் அடுத்த முறை ஏற்கெனவே எழுதியதை வைத்துக்கொண்டு தொடரும். 3-வது பதிலில் தானியங்கி பேக்கப்பை நிறுத்தியிருந்தால் `sudo tmutil enable` கொடுத்து மறுபடி இயக்க மறக்காதீர்கள். "புது டிரைவ் வாங்கியும் பேக்கப் ஓடல" என்று வருபவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

12. புது பேக்கப் முடிஞ்சுது. பழசை அழிக்கலாமா, நல்லா இருக்குன்னு எதை வெச்சு நம்பறது?

முடிந்தது என்று மெனுவில் வந்ததை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ஃபர்ஸ்ட் எய்ட் சுத்தமாக வர வேண்டும், ஆனால் 2-வது பதிலில் சொன்னபடி அது உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சில ஃபைல்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வெகுநாளாக மாறாத ஒரு பெரிய வீடியோ, ஒரு பழைய டாக்குமெண்ட், சில படங்கள் என வெவ்வேறு ஃபோல்டர்களிலிருந்து எடுங்கள். பேக்கப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இழுத்து, அசலோடு ஒப்பிடுங்கள்:

```
shasum -a 256 ~/Movies/a.mov ~/Desktop/a.mov
```

இரண்டு வரிகளிலும் நீளமான எழுத்துச் சரம் ஒன்றாகவே இருந்தால் ஃபைல் பிட்டுக்குப் பிட் சரி. ஓர் எழுத்து மாறினாலும் சரியில்லை. ஃபைலைத் திறந்து பார்த்து "ஓடுகிறதே" என்று விடுவதை விட இது உறுதியானது, வீடியோ நடுவில் கெட்டிருந்தாலும் தொடக்கம் அழகாக ஓடும்.

அதன் பிறகும் நான் என்றால் சில வாரம் பொறுப்பேன். புதிய டிரைவ் தினமும் ஓடி, ஒருமுறையாவது மறுபடி சோதனையில் சுத்தமாக வரட்டும். பழையது அலமாரியில் கிடப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

13. ஒரே டிரைவில 700 ஜிபி காலியா இருக்கே, பழசை அழிக்காம இன்னொரு வால்யூம் போட்டு அதில தொடங்கலாமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும். ஒரே கண்டெய்னருக்குள் பல வால்யூம்கள் சேர்க்கலாம், காலி இடத்தை எல்லாம் பகிர்ந்துகொள்ளும். நம் உதாரணத்தில் 600 ஜிபி முதல் பேக்கப் எப்படியோ அடங்கிவிடும்.

ஆனால் பழுது வால்யூமில் மட்டுமா, கண்டெய்னரிலுமா என்பதைப் பொறுத்தது. கண்டெய்னர் மேல் ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டும்போது பிழை வந்தால், புது வால்யூமும் அதே கெட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கும். அங்கே சுத்தமாக இருந்து, `I/O error` வரிகளும் இல்லை என்றால், இன்னொரு டிரைவ் வரும்வரை தற்காலிகமாக இப்படிச் செய்யலாம். டிரைவ் கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும், பழசு புதுசு என்று பார்க்காது.

14. என் டிரைவ் நேரா மேக்ல இல்ல, இன்னொரு மேக்ல செருகி நெட்வொர்க் வழியா போகுது. புது பேக்கப் தொடங்கணும்னு அதுவே கேக்குது, ஓகே கொடுக்கட்டுமா?

இங்கே கொஞ்சம் நிதானம். நெட்வொர்க் வழியாகப் போகும் பேக்கப் முழுவதும் `.sparsebundle` என்ற ஒரே பெரிய பொட்டலமாக இருக்கும். டைம் மெஷின் தானாகவே அதைச் சோதித்து, நம்பிக்கை இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லும். Start New Backup அழுத்தினால் பழைய வரலாறு அழிந்துவிடும். Back Up Later கொடுத்தால் அழியாது, ஆனால் அதுவரை பேக்கப்பும் நடக்காது.

முதலில் Back Up Later கொடுங்கள். டிரைவ் செருகியிருக்கும் மேக்கில் போய், அந்தப் பொட்டலத்தைப் பகிர்ந்த ஃபோல்டருக்கு வெளியே நகர்த்துங்கள். டிரைவில் இன்னொரு முழு பேக்கப்புக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொட்டலம் கண்ணில் படாததால் டைம் மெஷின் புதிதாக ஒன்றைத் தொடங்கும், பழையது 9-வது பதிலில் சொன்ன மாதிரி ஃபைல் எடுக்கக் கையில் இருக்கும். வைஃபை அறுந்து அறுந்து வருவது இந்த வகைப் பழுதுக்கு வழக்கமான காரணம், அதனால் முதல் பேக்கப்பையாவது ஈதர்நெட் கேபிளில் ஓட்டுங்கள்.

15. டைம் மெஷின் டிரைவ் இல்லாத நேரத்திலயும் பேக்கப் இருக்குன்னு காட்டுது. அப்ப எனக்கு ஏற்கெனவே ஒரு பிரதி இருக்குதானே?

அவை லோக்கல் ஸ்னாப்ஷாட்கள், மேக்கின் உள் டிரைவிலேயே இருப்பவை. `tmutil listlocalsnapshots /` கொடுத்தால் பட்டியல் வரும். காலையில் தெரியாமல் அழித்த ஃபைலை மாலையில் மீட்க அருமையானவை. ஆனால் 24 மணி நேரம் வரைதான் இருக்கும், இடம் குறைந்தால் அதற்கு முன்பே போய்விடும், உள் டிரைவ் செத்தால் கூடவே சாகும். 7-வது பதிலில் சொன்ன இரண்டாவது டிரைவுக்கு இது ஈடாகாது.